வீடியோ பார்த்தவர்களுக்கு மீண்டும் விளம்பரம்: பட்டியல் போதாதபோது என்ன செய்வது?

எங்கள் சேலைக் கடையின் வீடியோவுக்கு ஃபேஸ்புக்கில் ஆறாயிரம் பார்வைகள் வந்தன. பாதி வீடியோவைப் பார்த்தவர்களுக்கு மட்டும் விளம்பரம் காட்டலாம் என்று பட்டியல் போட்டால், ஆயிரத்துக்கும் கீழே என்கிறது. மற்றவர்கள் எங்கே போனார்கள்?

பார்வைகளின் எண்ணிக்கையும் ஆட்களின் எண்ணிக்கையும் ஒன்றல்ல. ஒருவரே மூன்று முறை பார்த்தால் மூன்று பார்வைகள் சேரும், ஆனால் பட்டியலில் அவர் ஒருவர்தான். அதைவிடப் பெரிய காரணம், மெட்டா கொடுக்கும் அளவுகோல்கள். மூன்று விநாடி, பத்து விநாடி, `ThruPlay` எனப்படும் பதினைந்து விநாடி (வீடியோ அதைவிடச் சிறியதாக இருந்தால் முழுவதும்), பிறகு 25, 50, 75, 95 சதவீதம் என்று அவை இருக்கின்றன. ஒவ்வொரு படியிலும் கூட்டம் வேகமாகக் கரையும்.

கண்டாங்கிச் சேலை விற்கும் காரைக்குடிக் கடை ஒன்றை வைத்துக் கணக்குப் போடுவோம். தறியில் சேலை உருவாவதைக் காட்டும் இரண்டு நிமிட வீடியோ. எண்கள் எல்லாம் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. மூன்று விநாடி பார்த்தவர்கள் மாதத்துக்கு 6,000 பேர் என்றால், கால் பகுதி பார்த்தவர்கள் 900 பேர், பாதி பார்த்தவர்கள் 380 பேர், முழுவதும் பார்த்தவர்கள் நூறை ஒட்டி இருப்பது இயல்பே. உங்கள் வீடியோ மோசம் என்று இதற்குப் பொருள் இல்லை. கைபேசியை விரலால் தள்ளிக்கொண்டே போகிறவர்களும் மூன்று விநாடிக் கணக்கில் விழுந்துவிடுகிறார்கள்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சதவீதமும் விநாடியும் ஒரே ஏணியின் படிகள் அல்ல. இரண்டு நிமிட வீடியோவில் 25 சதவீதம் என்றால் 30 விநாடி. அது `ThruPlay`-யைவிடக் கடினமான அளவுகோல். இருபது விநாடி ரீலில் அதே 25 சதவீதம் வெறும் ஐந்து விநாடி. ஆகவே நீண்ட வீடியோக்களையும் ரீல்களையும் ஒரே பட்டியலில் போட்டு "50 சதவீதம்" என்று தேர்ந்தெடுத்தால், ஒரு நிமிடம் ஆர்வமாகப் பார்த்தவரும் பத்து விநாடி பார்த்தவரும் ஒரே தட்டில் வந்து நிற்பார்கள். நீண்டவற்றுக்கு ஒரு பட்டியல், குறுகியவற்றுக்கு ஒரு பட்டியல் என்று வைத்துக்கொண்டு, பிறகு விளம்பரத்தில் இரண்டையும் சேர்ப்பதே சரி.

அப்படியானால் பார்த்தவர்களைப் பட்டியலில் வைத்திருக்கும் நாட்களை 365 ஆக்கிவிட்டால் பட்டியல் பெரிதாகிவிடுமா?

பெரிதாகும், ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு அல்ல. பட்டியலை ஏரிபோல நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் வரத்து, இன்னொரு பக்கம் வெளியேற்றம். குறித்த நாட்களுக்குள் மீண்டும் பார்க்காதவர் தானாக வெளியேறிவிடுகிறார். வரத்து மாதத்துக்கு 380 என்றால், 180 நாள் பட்டியல் 2,280 ஆக இருக்க வேண்டும் என்று பெருக்கிப் பார்ப்போம். நடப்பில் அதே ஆட்களே மீண்டும் மீண்டும் பார்ப்பதால் 1,600 அளவில் நிற்கலாம். 365 நாளாக்கினால் இரட்டிப்பாகாது.

எத்தனை நாள் என்பதை உங்கள் பொருள்தான் முடிவு செய்ய வேண்டும். சேலை வாங்குவது தீபாவளி, பொங்கல், கல்யாண முகூர்த்தம் என்று திரும்பத் திரும்ப வருவது. ஐந்து மாதங்களுக்கு முன் தறி வீடியோவை ஒரு நிமிடம் பார்த்தவர் இன்றும் வாங்கக்கூடியவரே. எனவே 180 நாள், தேவைப்பட்டால் 365 நாள் வைப்பதில் தவறில்லை. ஆனால் ஜூன் மாதச் சேர்க்கைக்கான பயிற்சி வகுப்பு விளம்பரம் என்றால், போன ஆகஸ்டில் பார்த்தவர் எங்கோ சேர்ந்துவிட்டிருப்பார். அங்கே நாட்களை நீட்டினால் எண் மட்டும்தான் வளரும்.

மெட்டாவில் ஒரு வசதி: வீடியோ, பக்கம், இன்ஸ்டாகிராம் ஆகியவற்றின் பட்டியலை இன்று உருவாக்கினாலும் அது பின்னோக்கிப் போய்ப் பழைய பார்வையாளர்களையும் சேர்த்துக்கொள்ளும். யூடியூப்பில் அந்தச் சலுகை குறைவு. அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் ஆயிரத்துச் சொச்சம் பேர் இருந்த பட்டியல், நாங்கள் எதையும் மாற்றாமலே மாதாமாதம் சுருங்குகிறது. ஏன்?

எதையும் மாற்றாததுதான் காரணம். மெட்டாவில் வீடியோப் பட்டியல் என்பது நீங்கள் தேர்ந்தெடுத்துக் கொடுத்த வீடியோக்களுக்கு மட்டும் உரியது. அடுத்த வாரம் ஏற்றும் வீடியோ தானாக அதில் சேராது. பழைய வீடியோக்களைப் பார்ப்பவர்கள் குறைவார்கள், நாள் கடந்தவர்கள் வெளியேறுவார்கள், புதிய வரத்து வேறு வீடியோக்களில் வீணாகிக்கொண்டிருக்கும். மாதத்துக்கு ஒருமுறை பட்டியலைத் திறந்து புதிய வீடியோக்களைச் சேருங்கள். யூடியூப்பில் "குறிப்பிட்ட வீடியோக்களைப் பார்த்தவர்கள்" என்ற வகைக்கும் இதே குறை உண்டு. "சேனலின் எந்த வீடியோவையும் பார்த்தவர்கள்" என்ற வகைக்கு இல்லை. மெட்டாவின் பக்க ஈடுபாட்டுப் பட்டியலும் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்.

பக்கத்தில் ஈடுபட்டவர்கள் என்ற பட்டியல் மிகப் பெரிதாக இருக்கிறது. வீடியோவை விட்டுவிட்டு அதையே பயன்படுத்தலாமே?

பயன்படுத்தலாம், ஆனால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு. "பக்கத்தில் ஈடுபட்ட எல்லோரும்" என்ற தேர்வில், பக்கத்தைத் திறந்து பார்த்தவர், பதிவுக்கு விருப்பம் போட்டவர், பகிர்ந்தவர், விளம்பரப் படங்களை விரலால் நகர்த்தியவர், செய்தி அனுப்பியவர் எல்லோரும் ஒன்றாகக் கலந்திருப்பார்கள். அதற்குள் மெட்டா தனித்தனிப் பிரிவுகளும் தருகிறது: பக்கத்துக்கு வந்தவர்கள், பதிவிலோ விளம்பரத்திலோ ஈடுபட்டவர்கள், பொத்தானை அழுத்தியவர்கள், செய்தி அனுப்பியவர்கள், பதிவைச் சேமித்தவர்கள் என்று.

என் கணிப்பில், விற்பனைக்கு மிக அருகில் இருப்பவர்கள் செய்தி அனுப்பியவர்களும் சேமித்தவர்களும்தான். "இந்தச் சேலை என்ன விலை?" என்று கேட்டுவிட்டு அமைதியானவருக்கு மீண்டும் காட்டுவது போன்ற நல்ல செலவு வேறு இல்லை. அவர்களுக்கு நேரடியாகவே செய்தி அனுப்பலாமே என்று தோன்றும். மெசஞ்சரில் ஒருவர் எழுதிய 24 மணி நேரத்துக்குப் பிறகு விளம்பரச் செய்தியை உங்கள் விருப்பப்படி அனுப்ப முடியாது. அதனால் இந்தப் பட்டியலின் வழியாகக் காட்டும் விளம்பரமே அவர்களிடம் திரும்பிப் போகும் எளிய வழி.

பரிசுப் போட்டி நடத்திய கடைகள் கவனமாக இருக்க வேண்டும். "நண்பர் மூவரைக் குறிப்பிடுங்கள், சேலை இலவசம்" என்று ஒரு பதிவு போட்டிருந்தால், ஈடுபாட்டுப் பட்டியலில் பெரும்பகுதி இலவசத்துக்காக வந்தவர்களாகவே இருக்கும். அந்தப் பதிவின் ஈடுபாட்டை மட்டும் தனியே பிரித்தெடுக்க முடியாது. நாட்களைக் குறைத்து, போட்டி நடந்த காலத்தைக் கடந்துபோக விடுவதே வழி.

பட்டியல் சிறியதாக இருந்தால் எந்த வரிசையில் விரிப்பது?

நான் சொல்லும் வரிசை இது. முதலில் நாட்களைக் கூட்டுங்கள், மேலே சொன்னபடி பொருள் தாங்கும் அளவுக்கு. ஆளின் தரம் இதில் மிகக் குறைவாகவே கெடுகிறது.

அடுத்து, சம தரமுள்ள பட்டியல்களை ஒரே ஆட் செட்டில், அதாவது ஒரே இலக்கும் பட்ஜெட்டும் கொண்ட விளம்பரத் தொகுதியில், சேருங்கள். பாதி வீடியோ பார்த்தவர்கள், செய்தி அனுப்பியவர்கள், சேமித்தவர்கள், இன்ஸ்டாகிராம் கணக்குக்கு வந்தவர்கள் ஆகியோரை ஒரே கட்டத்துக்குள் அடுத்தடுத்துப் போட்டால், இவர்களில் எதில் இருந்தாலும் விளம்பரம் போகும். "மேலும் குறுக்கு" என்ற பகுதியில் போட்டுவிட்டால், இரண்டிலும் இருப்பவருக்கு மட்டுமே போகும். பட்டியல் ஒரு கைப்பிடி ஆகிவிடும். ஆயிரம் பேர் பட்டியலை 25 சதவீதத்தார், 50 சதவீதத்தார், 75 சதவீதத்தார் என்று மூன்று ஆட் செட்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் வேறு விளம்பரம் காட்டுவது பெரிய நிறுவனங்களுக்குப் பொருந்தும். சிறிய கடை அதைச் செய்தால் மூன்றுமே ஓடாது.

மூன்றாவதாகத்தான் பார்த்த அளவைத் தளர்த்த வேண்டும். 50 சதவீதத்திலிருந்து 25, அங்கிருந்து `ThruPlay`. மூன்று விநாடிக்கு இறங்க வேண்டாம். அங்கே இறங்கினால் தெருவில் போகிறவர்களுக்கு விளம்பரம் செய்வதுதான், ஏற்கெனவே ஆர்வம் காட்டியவர்களிடம் திரும்பிப் போகும் ரீமார்க்கெட்டிங் அல்ல.

இவற்றோடு, ஆட் செட்டில் வேறு வடிகட்டிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இதுதான் நான் அடிக்கடி காணும் சிக்கல். 1,600 பேர் பட்டியலுக்கு மேல் "காரைக்குடியிலிருந்து 25 கிலோமீட்டர், பெண்கள், வயது 25 முதல் 45, கைத்தறியில் ஆர்வம்" என்று வைத்தால், ஒவ்வொன்றும் பட்டியலை வெட்டும். தறி வீடியோவைப் பார்த்தவர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். கடை அங்கெல்லாம் பார்சல் அனுப்புமானால், ஊர் எல்லையை விரித்துவிட்டு மற்ற வடிகட்டிகளை எடுத்துவிடுங்கள். வீடியோவை ஒரு நிமிடம் பார்த்ததே ஆர்வத்துக்குப் போதிய சான்று.

யூடியூப் பட்டியலில் "Too small to serve" என்று வருகிறது. எத்தனை பேர் வேண்டும்?

கூகுளில் ஒரே பட்டியலுக்குத் தேடல், யூடியூப், பிற இணையதளங்களில் வரும் டிஸ்பிளே என்று தனித்தனி அளவு காட்டப்படும். பல ஆண்டுகளாக இருந்த குறைந்தபட்ச அளவு, கடந்த 30 நாட்களில் செயல்பாட்டில் இருந்த பயனர்கள் டிஸ்பிளேவுக்கு 100 பேர், தேடலுக்கும் யூடியூப்புக்கும் 1,000 பேர். இந்த வரம்புகளைக் கூகுள் மாற்றக்கூடும் என்பதால், `Audience manager`-இல் உங்கள் பட்டியலுக்கு எதிரே என்ன காட்டுகிறது என்பதையே முடிவாகக் கொள்ளுங்கள். "கடந்த 30 நாட்களில்" என்பதைக் கவனியுங்கள். உறுப்பினர் காலத்தை அதிகபட்சமான 540 நாட்களுக்கு நீட்டினாலும், அண்மையில் தலைகாட்டாதவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

பட்டியலை உருவாக்கும்போது கடந்த 30 நாட்களில் பார்த்தவர்களை முன்கூட்டியே சேர்க்கலாமா என்று கேட்கும். சேர்க்கச் சொல்லுங்கள். அதற்கு முந்தைய பார்வையாளர்களை எந்த வழியிலும் திரும்பப் பெற முடியாது. ஆகவே தீபாவளிக்கு விளம்பரம் செய்ய நினைக்கிறவர் பட்டியலை அக்டோபரில் போடக்கூடாது. விளம்பரத்துக்குப் பணம் இல்லாவிட்டாலும் மார்ச்சிலேயே போட்டு வைக்க வேண்டும். பட்டியல் வைத்திருக்கக் கட்டணம் எதுவும் இல்லை.

பட்டியல் பூஜ்யத்திலேயே நின்றால், சேனல் விளம்பரக் கணக்குடன் இணைந்திருக்கிறதா, இணைத்தபோது ரீமார்க்கெட்டிங் அனுமதியும் தரப்பட்டதா என்று பாருங்கள். பார்வைக் கணக்குக்கு மட்டும் அனுமதி தந்திருந்தால் இணைப்பு இருப்பதுபோலத் தெரியும், பட்டியல் மட்டும் நிரம்பாது. குழந்தைகளுக்கானவை என்று குறிக்கப்பட்ட வீடியோக்களின் பார்வையாளர்களும் பட்டியலில் சேரமாட்டார்கள்.

பட்டியலில் 1,500 பேர்தான். ஆனால் விளம்பரம் தாராளமாக ஓடுகிறது, பணமும் போகிறது. அப்படியானால் சரியாகத்தானே இருக்கிறது?

சென்றடைந்தோர் எண்ணிக்கையைப் பாருங்கள். 1,500 பேர் பட்டியலுக்கு ஒரு வாரத்தில் 9,000 பேரைச் சென்றடைந்திருந்தால், அது உங்கள் பட்டியல் அல்ல. பட்டியலைவிடப் பெரிய கூட்டத்தைச் சென்றடைய வழியே இல்லை. ஒரு வாரத்தில் சில புதியவர்கள் உள்ளே வருவார்கள், ஆறு மடங்கு வரமாட்டார்கள்.

மெட்டாவில் இதற்குக் காரணம் பெரும்பாலும் `Advantage+ audience`. அது செயல்பாட்டில் இருக்கும்போது நீங்கள் கொடுக்கும் பட்டியல் ஒரு பரிந்துரை மட்டுமே, எல்லை அல்ல. அதை விட்டு வெளியேறிப் பழைய முறைத் தேர்வுகளுக்கு மாறினால்தான் பட்டியல் எல்லையாகும். கூகுளில் இதே வேலையைச் செய்வது `Optimized targeting`. டிஸ்பிளே, `Demand Gen` பிரசாரங்களில் அது தொடக்கத்திலேயே போடப்பட்டிருக்கும்; நீங்கள்தான் அணைக்க வேண்டும். தேடல் பிரசாரத்தில் பட்டியலை `Observation` முறையில் சேர்த்திருந்தாலும் விளம்பரம் எல்லோருக்கும் போகும். `Targeting` முறைதான் கட்டுப்படுத்தும்.

வெளியே விரிவது எப்போதும் தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது புதியவர்களைத் தேடும் விளம்பரம், அதற்கு வேறு படம், வேறு வாசகம் வேண்டும். "நீங்கள் பார்த்த தறியிலிருந்து வந்த சேலை" என்று எழுதிய விளம்பரம், தறியையே பார்க்காதவருக்குப் போனால் அவருக்கு ஒன்றும் புரியாது.

நாளுக்கு 500 ரூபாய் வைத்தேன். முதல் இரண்டு நாள் நன்றாகப் போய், பிறகு ஒரே ஆட்களுக்கே திரும்பத் திரும்பக் காட்டுகிறது. எவ்வளவு வைக்க வேண்டும்?

பட்டியலிலிருந்து பட்ஜெட்டுக்கு வர வேண்டும். பட்ஜெட்டை வைத்துவிட்டுப் பட்டியலைத் தேடக்கூடாது. 1,500 பேரில் ஒரு வாரத்தில் உங்களுக்குக் கிடைப்பவர்கள் 1,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் தினமும் செயலியைத் திறப்பதில்லை, திறந்தவர்களிடத்திலும் ஏலத்தில் நீங்கள் எப்போதும் வெல்வதில்லை. ஆளுக்கு வாரத்தில் இரண்டு முறை காட்டினால் 2,000 காட்சிகள். ஆயிரம் காட்சிக்கு 150 ரூபாய் என்று கொண்டால் வாரச் செலவு 300 ரூபாய், நாளுக்கு ஏறத்தாழ 43 ரூபாய். உங்கள் கணக்கில் ஆயிரம் காட்சிக்கு என்ன ஆகிறதோ அதை இதில் பொருத்திக்கொள்ளுங்கள்.

இதே பட்டியலுக்கு நாளுக்கு 500 ரூபாய் என்றால் வாரத்துக்கு 3,500 ரூபாய், 23,000 காட்சிகளுக்கு மேல். ஆளுக்கு 23 முறை. எந்த நல்ல சேலையும் அந்த எண்ணிக்கையில் சலித்துப்போகும், "இந்த விளம்பரம் வேண்டாம்" என்று மறைப்பவர்கள் கூடுவார்கள்.

நோக்கத்தைத் தேர்ந்தெடுப்பதும் இங்கே முக்கியம். விற்பனையை நோக்கமாக வைத்தால், யாருக்குக் காட்டினால் பலன் என்று மெட்டா பழகிக்கொள்ளும் கற்றல் கட்டம் முடிய வாரத்துக்குச் சுமார் 50 விற்பனைகள் வேண்டும். ஆயிரம் பேரிடமிருந்து வாரத்துக்கு 50 சேலை விற்காது. ஆட் செட் `Learning limited` என்ற நிலையிலேயே நின்றுவிடும். இவ்வளவு சிறிய பட்டியலில் யார் வாங்குவார் என்று தளம் தேர்ந்தெடுத்துக் காட்ட வேண்டிய அவசியமும் இல்லை, எல்லோருமே நீங்கள் தேர்ந்தெடுத்தவர்கள். விழிப்புணர்வு நோக்கத்தில் சென்றடைதலை இலக்காக வைத்து, ஏழு நாளுக்கு இரண்டு முறை என்று வரம்பு கட்டுங்கள். படத்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள்.

எல்லாம் செய்தும் இருநூறு முந்நூறு பேருக்கு மேல் வரவில்லை. என்ன செய்வது?

அமைப்புகளைத் திருகுவதை நிறுத்திவிட்டு வரத்தைக் கூட்ட வேண்டிய நேரம் அது. ரீமார்க்கெட்டிங்குக்கு ஒதுக்கிய பணத்தை, தறி வீடியோவையே புதியவர்களுக்குக் காட்டும் விளம்பரத்தில் போடுங்கள். `ThruPlay` இலக்கை வைத்தால் பதினைந்து விநாடியாவது பார்க்கக்கூடியவர்களைத் தளம் தேடும். ஒரு `ThruPlay`-க்கு ஐம்பது காசு ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 1,500 ரூபாய்க்கு 3,000. அவர்களில் பாதி வீடியோவரை வருபவர்கள் ஒரு பகுதியினர்தான். உங்களுக்கு ஆகும் விலையை முதல் வாரத்திலேயே பார்த்து, ஆயிரம் பேர் சேர எத்தனை வாரம் ஆகும் என்று வகுத்துப் பாருங்கள். விடை ஆறு மாதம் என்று வந்தால் வேறு வழி யோசிப்பது நல்லது.

அதே பட்டியலை விதையாகக் கொடுத்து, அவர்களைப் போன்றவர்களைத் தேடச் சொல்வது இன்னொரு வழி. மெட்டாவில் இதற்கு ஒரே நாட்டைச் சேர்ந்த 100 பேராவது விதையில் இருக்க வேண்டும். 1,000 முதல் 5,000 வரை இருப்பது நல்லது என்பது மெட்டாவின் பரிந்துரை. முந்நூறு பேர் விதை என்றால், எல்லோரையும் கலக்காமல், செய்தி அனுப்பியவர்களையும் வாங்கியவர்களையும் மட்டும் விதையாக்குவது மேல். கூகுளின் பழைய "ஒத்த பார்வையாளர்" வசதி 2023-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. அதைச் சொல்லித்தரும் பழைய வழிகாட்டிகளைப் பின்பற்ற வேண்டாம்.

நூறுக்கும் குறைவானவர்கள் என்றால் விளம்பரமே தேவையில்லை. கருத்துப் பெட்டியில் கேட்ட ஒவ்வொருவருக்கும் பதில் எழுதுங்கள், செய்தி வந்த அன்றே விலையும் படமும் அனுப்புங்கள்.

பட்டியலில் இருப்பவர்களின் பெயரைப் பார்க்க முடியுமா?

முடியாது. தளம் எண்ணிக்கையின் தோராயத்தை மட்டுமே காட்டும். எண் சிறியதானால் "ஆயிரத்துக்கும் கீழ்" என்று மறைப்பதும், குறைந்தபட்ச அளவு வைத்திருப்பதும் தனி ஆளை அடையாளம் கண்டுவிடக்கூடாது என்பதற்காகத்தான்.

எங்களுடையது சர்க்கரை நோய் மருத்துவமனை. நோய் பற்றிய எங்கள் யூடியூப் வீடியோக்களைப் பார்த்தவர்களுக்கு இதேபோல் செய்யலாமா?

கூகுளில் கூடாது. ஒருவரின் உடல்நலக் குறைபாட்டை வைத்து அவரைக் குறிவைப்பதை அதன் தனிப்பயன் விளம்பரக் கொள்கை தடுக்கிறது. பட்டியல் எத்தனை பெரிதாக இருந்தாலும் விளம்பரம் ஓடாது. அளவு சரியாக இருந்தும் ஓடவில்லை என்று வரும் கேள்விகளில், முதலில் பார்க்க வேண்டியது விளம்பரத்தின் கொள்கை நிலையைத்தான். நீங்கள் தேடல் விளம்பரத்துக்குப் போவது சரியாக இருக்கும். "சர்க்கரை நோய் மருத்துவர் மதுரை" என்று ஒருவர் தாமாகத் தேடும்போது பதிலாக வருவதற்கு, அவர் முன்பு எந்த வீடியோவைப் பார்த்தார் என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை.